கடை உங்களுடையது, பெயர் யாருடையது?

போன வாரம் மதுரை டவுன்ஹால் ரோட்டில் டீ குடிக்கும்போது, இணையதளம் செய்து கொடுக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் சொன்னார்: "டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் என் அக்கவுண்ட்லயே எடுத்துடுறேண்ணே. கடைக்காரங்களுக்கு எதுக்கு வீண் தலைவலி?" தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே வசனத்தைத்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். அதனால் இதை அவருக்கு எழுதவில்லை, முதன்முதலாகத் தளம் போடப்போகும் கடைக்காரருக்கு எழுதுகிறேன். வழக்கமாக நடக்கும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மூன்றையும் ஒன்றென்று நினைப்பது

ஹோஸ்டிங் என்பது வாடகைக்குப் பிடித்த இடம். தளத்தின் கோப்புகள் அதற்குள் நீங்கள் அடுக்கிய ரேக்கும் சரக்கும். டொமைன் என்பது ஜனங்கள் கேட்டுக்கொண்டு வரும் பெயர். புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது, பழகின டெய்லரைத் தேடி வந்தவர்களுக்கு "இப்ப அங்க இருக்காரு" என்று யாரோ கைகாட்டினார்கள் அல்லவா? இணையத்தில் அப்படிக் கைகாட்டுவதுதான் டி.என்.எஸ். இடத்தை மாற்றலாம், சரக்கை மாற்றலாம், கைகாட்டும் திசையைத் திருத்தினால் போதும். பெயர் கைவிட்டுப் போனால் கைகாட்டவே ஆளில்லை.

பெயரை அடுத்தவர் கணக்கில் பதிவது

இதை நினைத்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும்.

சுங்குடிச் சேலை விற்கும் அண்ணாச்சி ஒருவர். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது போன் செய்தார். தளம் திறக்கவே மாட்டேன் என்கிறது. "வாடகைய ஒழுங்காத்தான தம்பி கட்டிருக்கேன்?" என்று ரசீதை அனுப்பினார். உண்மைதான், ஹோஸ்டிங்குக்குப் பணம் கட்டியிருந்தார். ஹோஸ்டிங் கணக்குக்குள் போய் `public_html` கோப்புறையைத் திறந்து பார்த்தேன். சேலைப் படம் ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. இடமும் பத்திரம், சரக்கும் பத்திரம் என்றால் கோளாறு பெயரில்தான்.

டொமைன் விவரம் காட்டும் `lookup.icann.org` தளத்தில் அவருடைய .com பெயரைப் போட்டேன். காலாவதித் தேதி தாண்டியிருந்தது, நிலை என்ற இடத்தில் `redemptionPeriod` என்று இருந்தது. பெயர் காலாவதியானதும், அதைப் பதிந்து கொடுத்த பதிவு நிறுவனங்கள் பெரும்பாலும் சில வாரம் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க விடும். அதையும் விட்டால் 30 நாள் மீட்புக் காலம், அதுதான் அந்த `redemptionPeriod`. அப்போது வருடக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு அபராதம் கேட்பார்கள். அதுவும் கடந்தால் 5 நாளில் அந்தப் பெயர் யார் வேண்டுமானாலும் எடுக்கும் நிலைக்கு வந்துவிடும். சில நிறுவனங்கள் இதற்கெல்லாம் முன்பே ஏலத்தில் விடுவதும் உண்டு.

அபராதம் கட்ட அண்ணாச்சி தயார்தான். ஆனால் பெயர் இருந்தது, தளம் செய்து கொடுத்த பையனின் கணக்கில். நினைவூட்டல் மெயில்கள் எல்லாம் அவனுடைய பழைய கல்லூரி மெயிலுக்குப் போயிருந்தன. அவன் ஊரை விட்டுப் போய் நம்பரையும் மாற்றிவிட்டான். அவன் சித்தப்பா மூலமாகப் பிடித்து, அவன் உள்ளே நுழைந்து பணம் கட்டிப் பெயரை மீட்பதற்குள் ஒன்பது நாள் ஓடிவிட்டது. அந்த ஒன்பது நாளும், அதே பெயர் அச்சடித்த கட்டைப்பையைத்தான் கடையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பையன் ஏமாற்றுக்காரன் இல்லை. அவன் செய்ததைத்தான் நானும் ஒரு மளிகைக் கடைக்குச் செய்திருந்தேன். என் கார்டு காலாவதியானது, தானாகப் பணம் எடுப்பது நின்றுபோனது, எனக்குத் தெரியவில்லை. நல்லவேளை, கடைக்காரர் இரண்டாம் நாளே கூப்பிட்டுவிட்டார்.

உங்கள் பெயர் யாரிடம் இருக்கிறது என்று சோதிக்க வழி இருக்கிறது. மேலே சொன்ன தேடலில் உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைத்துத்தான் இருக்கும். பதிவு நிறுவனத்தின் பெயரும் காலாவதித் தேதியும் தெரியும். அந்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மெயிலையும் பாஸ்வேர்டையும் போட்டு, யாரையும் கேட்காமல் உள்ளே போக முடிகிறதா? முடியாவிட்டால், பையன் ஊரில் இருக்கும்போதே உங்கள் பெயரில் ஒரு கணக்கு திறந்து டொமைனை அதற்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பில் உங்களிடம் இருப்பது போதாது.

அந்தக் கணக்குக்குக் கடை மெயிலையே கொடுப்பது

டொமைன் செத்தால் அந்தப் பெயரில் இருக்கும் மெயிலும் சாகும், பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பு வந்து சேராது. சாவியைக் கடைக்குள் வைத்துப் பூட்டின கதை. ஜிமெயில் போன்ற வெளி மெயிலைக் கொடுங்கள்.

பேக்கப் எடுக்காமல் விடுவது

கோப்புகளோடு, சரக்கு விவரமும் ஆர்டரும் பதிவாகும் டேட்டாபேஸையும் நகல் எடுங்கள், ஹோஸ்டிங்குக்கு வெளியே வையுங்கள்.

இடம் மாறின அன்றே பழைய கடையைக் காலி செய்வது

டி.என்.எஸ் மாற்றம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. சிலர் இரண்டு நாள்வரை பழைய இடத்துக்கே வந்து நிற்பார்கள். ஒரு வாரமாவது பழைய ஹோஸ்டிங்கை அப்படியே விட்டு வையுங்கள், அங்கே வந்து விழும் ஆர்டரையும் ஒரு கண் பாருங்கள்.