போன்ல இருந்த வாட்ச்ச டேப்லெட்டுக்கு மாத்தின கதை

என் புளூடூத் காலிங் வாட்ச், டேப்லெட்ல எவ்ளோ தேடியும் வரவே இல்ல. வாட்ச்ல கோளாறு இல்லங்க, போனோட கனெக்ட் ஆகிட்டா இந்த மாதிரி வாட்ச் பெரும்பாலும் வெளிய சிக்னல் விடுறத நிறுத்திடும், அதான் டேப்லெட் கண்ணுக்கு படல. போன் புளூடூத்த ஆஃப் பண்ணதும் பேரு வந்துருச்சு, ஆனா டேப்லெட்ல இருக்குற வாட்ச் ஆப் அத சேர்க்க மாட்டேன்னுச்சு, ஏன்னா வாட்ச் இன்னும் போன்ல இருக்குற ஆப்ல பதிவா இருக்கு.

அதனால மொதல்ல டேட்டாவ சிங்க் பண்ணிட்டு, போன் ஆப்ல அன்பேர் குடுத்தேன். அப்புறம் போன் புளூடூத் லிஸ்ட்ல கால் பேசுறதுக்குன்னு தனியா இன்னொரு பேர் இருந்துச்சு, அதையும் நீக்கணும், நெறய பேர் இத விட்டுடுறாங்க. பிறகு டேப்லெட் ஆப்ல அதே அக்கவுண்ட்ல சேர்த்தா ஓடுது.

ஆனா நோட்டிஃபிகேஷன் இப்ப டேப்லெட்ல வர்றது மட்டும்தான், போனுக்கு வர்ற காலு வாட்ச்ல அடிக்காது.