லீக் பட்டியலில் புள்ளிகள் சரியா? ஒரே சூத்திரத்தில் பார்க்கலாம்

பிடிஎஃப்பிலிருந்து எக்செலுக்கு மாற்றிய லீக் பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். இங்கிலாந்து கால்பந்தின் 2023-24 பிரீமியர் லீக் பட்டியலை எடுத்துக்கொள்வோம். விதி எளிது: வெற்றிக்கு 3, டிராவுக்கு 1, தோல்விக்கு 0.

A-வில் அணி, B-யில் ஆட்டங்கள், C-யில் வெற்றி, D-யில் டிரா, E-யில் தோல்வி, F-ல் புள்ளி இருக்கட்டும். G2-வில் இதை எழுதி, கடைசி அணி வரை இழுத்துவிடுங்கள்:

```
=3*C2+D2-F2
```

மான்செஸ்டர் சிட்டிக்கு 28 வெற்றி, 7 டிரா, 91 புள்ளி. 84 + 7 - 91 = 0. சரி. எல்லா வரிசையிலும் 0 வந்தால் நல்லது. `#VALUE!` வந்தால் புள்ளியோடு அடிக்குறிப்புக் குறி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதை நீக்குங்கள்.

இப்போது எவர்டன் வரிசையைப் பாருங்கள். 13 வெற்றி, 9 டிரா என்றால் 48 வர வேண்டும். பட்டியலில் 40தான் இருக்கிறது. அவசரப்பட்டு 48 என்று திருத்திவிடாதீர்கள். நிதி விதிகளை மீறியதற்காக அந்த சீசனில் எவர்டனுக்கு 8 புள்ளிகளும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 4 புள்ளிகளும் குறைத்தார்கள். அந்த விவரம் அடிக்குறிப்பில்தான் இருக்கும், மாற்றும்போது முதலில் காணாமல்போவதும் அதுதான். H-ல் ‘அபராதம்’ என்று தலைப்பிட்டு 8, 4 என்று எழுதிவிட்டு, G-யில் உள்ள சூத்திரத்தை மாற்றுங்கள்:

```
=3*C2+D2-H2-F2
```

ஒன்றிரண்டு வரிசையில் மட்டும் வித்தியாசம் வந்தால் அபராதமோ தவறாகப் படிக்கப்பட்ட எண்ணோ காரணமாக இருக்கலாம். ஏறக்குறைய எல்லா வரிசையிலும் வந்தால் கோளாறு வேறு. டிராவும் தோல்வியும் இடம் மாறியிருந்தால் சிட்டிக்கு -4 வரும், லூடனுக்கு 16 வரும். ஆனால் ஆர்சனலுக்கு 0தான் வரும்! அவர்களுக்கு 5 டிரா, 5 தோல்வி. மாற்றிப் போட்டாலும் கணக்கு அதேதான். அதனால் ஒரு வரிசையைச் சோதித்துவிட்டுத் திருப்திப்படக் கூடாது. B = C+D+E என்ற சோதனையும் இதைப் பிடிக்காது, கூட்டுத்தொகை மாறுவதில்லையே. லீக் முழுவதும் வெற்றிகளின் கூட்டும் தோல்விகளின் கூட்டும் சமமா என்று பாருங்கள். இடம் மாறியிருந்தால் பெரும்பாலும் அங்கே சிக்கும்:

```
=SUM(C2:C21)-SUM(E2:E21)
```

பழைய பட்டியல் என்றால் இன்னொன்று. இங்கிலாந்தில் வெற்றிக்கு 3 புள்ளி வந்தது 1981-82 சீசனில்தான்; அதற்கு முன் 2. 1980-81ல் பட்டம் வென்ற ஆஸ்டன் வில்லாவுக்கு 26 வெற்றி, 8 டிரா, 60 புள்ளி. நம் சூத்திரத்தில் வித்தியாசம் 26 வரும், அதாவது வெற்றிகளின் எண்ணிக்கையே. எல்லா அணிக்கும் அப்படி வந்தால் பட்டியலில் பிழை இல்லை. சூத்திரத்தில் 3-ஐ 2 ஆக்குங்கள்.