இன்புட் கிரெடிட் நோட்டீஸ்: பதில் எழுதுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

GSTR-3B ரிட்டர்னில் நாம் எடுத்த உள்ளீட்டு வரி வரவு, சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களிலிருந்து உருவாகும் GSTR-2B பட்டியலில் உள்ளதைவிட அதிகம் என்று ASMT-10 நோட்டீஸ் வந்தால், 30 நாட்களுக்குள் ASMT-11 படிவத்தில் பதில் தர வேண்டும். பலரும் நோட்டீஸில் உள்ள ஒரே தொகையைப் பிடித்துக்கொண்டு பதில் எழுதுகிறார்கள். என் கருத்தில் பெரிய தவறு இதுவே, ஏனெனில் அது கூட்டிக் கழித்து மிஞ்சிய நிகரத் தொகை மட்டுமே.

கிருஷ்ணகிரியில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு 2023-24க்கு ரூ.34,200 வித்தியாசம் என்று நோட்டீஸ் வந்ததாகக் கொள்வோம். பில் பில்லாக ஒப்பிட்டால் 2B-இல் இல்லாத வரவு ரூ.41,400 என்றும், 2B-இல் இருந்தும் கடைக்காரர் எடுக்காமல் விட்டது ரூ.7,200 என்றும் தெரிகிறது. எடுக்காத அந்த வரவுக்கு 2024 நவம்பர் 30 கடைசி நாள். அது கடந்த பின் அதை வித்தியாசத்தில் கழித்துக் காட்டினால் அதிகாரி ஏற்கமாட்டார்.

ரூ.41,400-க்குள் மூன்று பில்கள். தருமபுரி சப்ளையரின் மார்ச் மாத பில்லுக்கு ரூ.21,600. அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவர். ஏப்ரல் 13-க்குப் பின் தன் விற்பனை விவரமான GSTR-1-ஐத் தாக்கல் செய்ததால் அந்தப் பில் ஏப்ரல் மாத 2B-இல்தான் வந்தது. பன்னிரண்டு மாத 2B-ஐ மட்டும் இறக்கி ஒப்பிட்டவருக்கு இது கண்ணில் படாது. அடுத்த ஆண்டின் மாதங்களையும் பார்க்க வேண்டும். 2B-இல் வருமுன்பே எடுத்துப் பயன்படுத்தியிருந்தால் இடைப்பட்ட நாட்களுக்கு வட்டி கேட்கப்படலாம். அதே பில்லுக்கு மறுபடியும் வரவு எடுக்கவில்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டே பதிலில் காட்ட வேண்டும்.

பெங்களூரு சப்ளையரின் ஐஜிஎஸ்டி ரூ.14,400-ஐ, கடையின் ஜிஎஸ்டி எண் இல்லாத சில்லறை விற்பனையாக அவர் காட்டிவிட்டார். இங்கேதான் சப்ளையரிடம் சான்றிதழ் வாங்கி இணைத்தால் போதும் என்ற தவறான நம்பிக்கை எழுகிறது. பழைய காலத்துக்கு ஜிஎஸ்டி துறையின் சுற்றறிக்கை தந்த அந்தச் சலுகை 2022 ஜனவரி 1-க்குப் பிந்தைய பில்களுக்குப் பொருந்தாது. சப்ளையர் திருத்துவதற்கான கெடுவும் அதே நவம்பர் 30 என்பதால், இனி அந்த வரவைத் திருப்பிக் கட்டிவிட்டு, இழப்பைச் சப்ளையரிடம் கேட்பதுதான் வழி.

மீதி ரூ.5,400, ஒரே பில்லை “045/23-24” என்றும் “45” என்றும் இருமுறை பதிந்ததால் வந்தது. பில் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால் இதைப் பிடிக்க முடியாது. சப்ளையரின் ஜிஎஸ்டி எண், தேதி, வரிக்கு முந்தைய மதிப்பு மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆக, ரூ.19,800-ஐயும், பயன்படுத்திய வரவுக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியையும் DRC-03 என்ற பணம் கட்டும் படிவம் மூலம் கட்டி, தருமபுரி பில்லின் நகலையும் ஏப்ரல் 2B-இல் அது வந்துள்ள பக்கத்தையும் இணைத்து ASMT-11 அனுப்பலாம். விளக்கம் ஏற்கப்பட்டால் ASMT-12 என்ற ஏற்பு உத்தரவு வரும்.