அபார்ட்மெண்ட் லாண்டரிக்குப் பெயர் வைப்பவர்கள் செய்யும் தவறுகள் (நானும் செய்தவைதான்)

போன வாரம் நாவலூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். நான்கு டவர் இருக்கிற ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் கடை பிடித்திருக்கிறாராம். போர்டு டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணே, பேரு எப்படி?" என்று கேட்டார். பார்த்தேன். பெயரிலேயே '24 மணி நேரம்' இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அவரிடம் போனில் பாதி சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். பெயர் நீளமாக இருக்கக் கூடாது, எழுத்துப் பிழை கூடாது, பக்கத்துக் கடைப் பெயரைக் காப்பி அடிக்கக் கூடாது என்பதெல்லாம் போர்டு எழுதுகிறவரே சொல்லிவிடுவார், அதனால் விட்டுவிடுகிறேன்.

நேரத்தைப் பெயரில் வைப்பது

என் முதல் கடையின் பெயர் 'மாலைக்குள்'. காலையில் கொடுத்தால் மாலைக்குள் துணி வீட்டில். மடிப்பாக்கம் வாடகை வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்குத் தோன்றிய பெயர் அது. தோன்றியதும் மனைவியை எழுப்பிச் சொன்னேன். அவள், "மாலைக்குள்ள முடியலைன்னா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கே அந்தக் கேள்வியைக் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

முதல் மூன்று மாதம் பெயர் நன்றாகவே ஓடியது, ஏனென்றால் வாடிக்கை இருபது வீடுதான். ஏழு மணிக்குத் துணி எடுப்போம், பத்துக்குள் துவைத்துவிடுவோம், மதியம் இஸ்திரி, ஆறரைக்கு டெலிவரி. எழுபது வீடு ஆனதும் திங்கட்கிழமைகள் கழுத்தைப் பிடித்தன. சனி, ஞாயிறு இரண்டு நாள் துணியும் அன்றைக்குத்தான் வரும். மெஷின் எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றும், இஸ்திரி போடுகிற கை அப்படி ஓடாது. எங்கள் கடையில் ஒரு ஆள் ஒரு நாளில் 120 உருப்படிக்கு மேல் போட்டால் காலரில் தெரிந்துவிடும்.

ஆனால் தாமதம்கூட எனக்குப் பெரிய வலி இல்லை. பெயரைக் காப்பாற்றுவதற்காகத் துணியைக் கெடுத்தேனே, இன்றைக்கும் எரிச்சல் வருவது அதை நினைத்துத்தான்.

ஒரு வெள்ளைக் காட்டன் சட்டை, பாக்கெட் பக்கம் சாம்பார் கறை. சாம்பாரில் எண்ணெய் இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது. எண்ணெய் சோப்பில் போய்விடும். மஞ்சள் போகாது. சோப்பு பட்டதும் முதலில் சிவப்பாக மாறி நம்மைப் பயமுறுத்தும், அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். அதற்கு வெயில்தான் மருந்து. ஈரத்தோடு நல்ல வெயிலில் ஒரு நாள், பிடிவாதமான கறை என்றால் இரண்டு நாள் கிடந்தால் தானாக வெளுத்துவிடும். நம் ஊரில் காசு கொடுக்காமல் கிடைக்கிற ஒரே சலவைப் பொருள் வெயில்தான், பெயர் 'மாலைக்குள்' என்றான பிறகு அதைப் பயன்படுத்த எனக்கு நேரம் இல்லை. மாலை நாலு மணிக்குக் கறை இளமஞ்சளாகத் தெரிந்தும் மேலே இஸ்திரி போட்டு அனுப்பினேன். கறையோடு சூடு பட்டால் கறை இறுகிவிடும் என்று இந்தத் தொழிலில் இருக்கிற சின்னப் பையனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தே செய்தேன். அந்த வீட்டுக்காரர் சண்டை எதுவும் போடவில்லை. கணக்கை முடித்துக்கொண்டு, அடுத்த வாரத்திலிருந்து கீழே மரத்தடி இஸ்திரி வண்டிக்குப் போய்விட்டார்.

பட்டுச் சேலை வேறு கதை. எங்களைப் போன்ற சின்னக் கடையில் ட்ரை க்ளீனிங் மெஷின் இருக்காது, வெளியே பிளாண்ட்டுக்குத்தான் அனுப்புவோம். பிளாண்ட் வண்டி செவ்வாய், வெள்ளி இரண்டு நாள்தான் வரும். புதன்கிழமை கொடுத்த சேலை வெள்ளிக்கிழமை போய் அடுத்த செவ்வாய் திரும்பி வரும், அதாவது ஆறு நாள். ரோல் பாலிஷும் சேர்த்தால் அதற்கு மேல். இதைப் பில்லில் எழுதியே கொடுத்தேன். யாரும் பில்லைப் படிக்கவில்லை, கடைக்கு வெளியே தொங்கிய போர்டைத்தான் படித்தார்கள். சி பிளாக் அம்மா ஒருவர் பில்லை நீட்டி, "எந்த மாலைக்குள்ளன்னு போர்டுல சேர்த்து எழுதிடுங்க தம்பி" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், அதுதான் இன்னும் சுட்டது.

அப்புறம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பெரும்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் நின்றது, கரண்ட் இல்லை, நாற்பது வீட்டுத் துணி மாடியில் ஈரமாகக் கிடந்து வாடை அடிக்க ஆரம்பித்தது. புயலுக்கு யாரும் யாரையும் குறை சொல்லப் போவதில்லை, எல்லோருக்கும் பால் பாக்கெட்டே கிடைக்காத நாட்கள் அவை. ஆனால் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ, "மாலைக்குள் கடைக்கு மாலை போட்டாச்சா?" என்று எழுத, அதற்கு முப்பது சிரிப்புப் பொம்மை விழுந்தது. வேறு பெயராக இருந்திருந்தால் அந்த ஜோக்கே பிறந்திருக்காது. அந்த வாரம் தாமதமான கடை என்னுடையது மட்டும் இல்லை, பெயரே ஜோக்காகிப் போனது என் கடைதான்.

அபார்ட்மெண்ட்டில் குடியிருப்பவருக்கு வேகம் அவ்வளவு முக்கியம் இல்லை. செவ்வாய்க்கிழமை என்று சொன்னால் செவ்வாய்க்கிழமை வர வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறார். அந்தச் செவ்வாயைத் துணிக்குத் துணி மாற்றிச் சொல்ல உங்களுக்கு இடம் வேண்டும். சட்டைக்கு இரண்டு நாள், கஞ்சி போட்ட வேட்டிக்கு மூன்று, மழைக்காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒன்று கூட்டி. இதைப் பில்லில் மாற்றலாம், மெசேஜில் மாற்றலாம். போர்டில் எப்படி மாற்றுவீர்கள்? 'எக்ஸ்பிரஸ்', 'இன்ஸ்டன்ட்', 'ஒரே நாள்' எல்லாம் இதே வியாதிதான். 'கறையில்லா' என்று வைக்கிறவர்கள் இன்னும் துணிச்சல்காரர்கள்.

பெயர் மாற்ற எனக்கு ஆன செலவு: போர்டு, வண்டி ஸ்டிக்கர், வீடு வீடாகக் கொடுத்திருந்த 300 துணிப் பை, மூன்று கட்டு பில் புக். காசைவிட, "கைமாறிடுச்சா? பழைய ஓனர் இல்லையா?" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டதற்குப் பதில் சொல்லியே இரண்டு மாதம் போனது.

செக்யூரிட்டி வாயில் நுழையாத பெயர்

கேட்டில் நம் பெயரை முதலில் சொல்வது நாம் இல்லை, செக்யூரிட்டி. அவர் அஸ்ஸாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்திருப்பார். இன்டர்காமில் என் கடை 'மலைக்குள்' ஆனது, 'மலாய்' ஆனது, ஒரு நாள் ஐஸ்க்ரீம் வந்திருக்கிறது என்று நினைத்து ஒரு குழந்தை கதவைத் திறந்தது. ஆங்கில எழுத்தில் Maalaikkul, Malaikul, Malaikkul என்று மூன்று விதமாகத் தட்டினார்கள். போன் நம்பர் தெரியாதவர் தேடினால் நான் கிடைக்கவே மாட்டேன்.

பெயரை மாற்றும்போது முதலில் 'கொடி' என்று வைக்கத்தான் ஆசை. துணி காயப்போடும் கொடி, இரண்டே எழுத்து. கேட்டில் இருந்த அண்ணனிடம் சொல்லிக் காட்டினேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். இந்தியில் கிட்டத்தட்ட அதே உச்சரிப்பில் தொழுநோயாளியைக் குறிக்கும் சொல் இருக்கிறதாம். துணி துவைக்கிற கடைக்கு! அன்றிலிருந்து யார் கேட்டாலும் சொல்கிறேன், பெயரை நண்பர்களிடம் கேட்பதற்கு முன் கேட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள். இன்டர்காமில் ஒரே தடவையில் மேலே சரியாகக் கேட்கிறதா என்று பாருங்கள்.

டேக் எழுத்தை மறப்பது

இதை யாரும் யோசிப்பதில்லை. துணியில் குத்துகிற சின்னத் துணித் துண்டில் கடையின் முழுப் பெயரை எழுத முடியாது, இரண்டு எழுத்துத்தான் போகும், பிறகு பிளாக், வீட்டு எண். எனக்கு MK. பிளாண்ட்டில் இருபது கடைத் துணி ஒன்றாகக் குவியும், அங்கே ஏற்கனவே ஒரு MK இருந்தது வேறு ஏரியாவில். இரண்டு பேருக்கும் பி பிளாக் 704 இருந்ததுதான் விதி. ஒரு அரக்குப் பட்டுச் சேலை ஊர் சுற்றிவிட்டு பதினோரு நாள் கழித்து வந்தது. அதுவரை அந்த வீட்டு லிஃப்ட்டில் நான் ஏறவே இல்லை, படிதான்.

பெயரை முடிவு செய்வதற்கு முன் நீங்கள் அனுப்பப்போகும் பிளாண்ட்டில் எந்தெந்த எழுத்துகள் ஓடுகின்றன என்று கேளுங்கள். ஒற்றை எழுத்து வேண்டவே வேண்டாம், பிளாக் எழுத்தோடு குழம்பும்.

அபார்ட்மெண்ட் பெயரையே கடைக்கு வைப்பது

அது பில்டரின் பெயர். பக்கத்துக் குடியிருப்புக்காரர் துணி தரவும் மாட்டார்.

'டோபி'

அது ஒரு சமூகத்தின் மேல் ஒட்டப்பட்ட சொல். அழகுக்காக எடுத்து மாட்டாதீர்கள்.

வர்த்தக முத்திரையைத் தப்பான வகுப்பில் தேடுவது

வர்த்தக முத்திரைப் பதிவில் பொருள்களையும் சேவைகளையும் எண் போட்ட வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். லாண்டரி என்றதும் சோப்பு இருக்கிற 3ஆம் வகுப்பில் தேடிவிட்டு, பெயர் காலியாக இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறார்கள். சலவை, ட்ரை க்ளீனிங், இஸ்திரி எல்லாம் சேவை, 37ஆம் வகுப்பு. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். 'விரைவு சலவை' மாதிரி வேலையை மட்டும் சொல்கிற பெயருக்கு 1999ஆம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டத்தின் 9ஆவது பிரிவைக் காட்டி ஆட்சேபம் வரும். போர்டு அடித்த பிறகு அல்ல, முன்னால் பாருங்கள்.

ஸ்கேன் செய்தால் வேறு பெயர் வருவது

போர்டில் ஒரு பெயர், பணம் அனுப்பும்போது திரையில் உங்கள் மச்சான் பெயர். வாடிக்கையாளர் ஒரு நொடி விரலை நிறுத்துவார். கடைப் பெயரிலேயே கரண்ட் அக்கவுண்ட் தொடங்கிவிடுங்கள்.

இப்போது என் கடை 'மீனா லாண்டரி'. அம்மா பெயர். செக்யூரிட்டிக்கு வாயில் வருகிறது, எல்லோரும் ஒரே மாதிரி தட்டுகிறார்கள், எதையும் எப்போது தருவேன் என்று அது சொல்வதில்லை. கவர்ச்சி இல்லை என்று நாவலூர் தம்பி சொன்னார். சரிதான், இல்லை. அவர் 24ஐ எடுத்துவிட்டாரா என்று இன்னும் தெரியவில்லை, போர்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன் என்று இழுத்தார்.

பழைய பைகளைத் திரும்ப வாங்கிவிட்டேன், ஒன்றைத் தவிர. சி பிளாக் அம்மா வீட்டிலிருந்து துணி இன்றைக்கும் 'மாலைக்குள்' பையில்தான் வருகிறது. கேட்டால், பை நல்லா உழைக்குது தம்பி என்கிறார்.