ஸ்கூல் ஃபீஸ் ஏறிவிட்டதா? தாங்குமா என்று ஒரே உட்காரலில் கணக்குப் போடுவது எப்படி

‘வரும் கல்வியாண்டில் கட்டணம் 10% உயர்த்தப்படுகிறது’ என்று பள்ளியிலிருந்து சர்க்குலர் வந்ததும், பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். இந்த வருடம் கட்டியதில் பத்து சதவீதத்தை மனதுக்குள் கூட்டிப் பார்த்து, ‘சரி, எட்டாயிரம்தானே, சமாளிக்கலாம்’ என்று முடித்துவிடுகிறோம். ஜூன் மாதம் பணம் பற்றாமல் நகையை எடுத்துக்கொண்டு போகும்போதுதான் கணக்கு தப்பு என்று தெரிகிறது. அதனால் வருடக் கல்விச் செலவு முழுவதையும் புதிதாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒரு தனியார் பள்ளியில் இரண்டு பிள்ளைகள் படிக்கும் குடும்பத்தை வைத்துச் செய்து காட்டுகிறேன். பெரியவள் எட்டாவது, சின்னவன் இரண்டாவது. கைக்கு வரும் சம்பளம் மாதம் 55,000. தொகைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே. அவற்றின் இடத்தில் உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கூகுள் ஷீட்ஸ் போதும். செலவுக் கணக்கு ஆப்கள் போன செலவைக் காட்டும், வரப்போகும் செலவைப் போட்டுப் பார்க்க அவ்வளவு தோதில்லை. கட்டம் போட்ட நோட்டு அதைவிட மேல்.

1. ‘பத்து சதவீதம்’ எதன் மேல் என்று பாருங்கள்

சறுக்குகிற இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். பள்ளி சொல்லும் பத்து சதவீதம் ஒவ்வொரு வகுப்பின் கட்டணத்துக்கும் உரியது. ஆனால் உங்கள் பிள்ளை அதே வகுப்பில் இருக்கப் போவதில்லை. எட்டாவதிலிருந்து ஒன்பதாவதுக்குப் போகிறாள், ஒன்பதாவதுக்குக் கட்டணமே வேறு. ஆகவே ஒப்பிட வேண்டியது, இந்த வருடம் எட்டாவதுக்குக் கட்டியதையும் அடுத்த வருடம் ஒன்பதாவதுக்குக் கட்டப்போவதையும்.

நம் எடுத்துக்காட்டில் எட்டாவதுக்கு 48,000 கட்டினார்கள். ஒன்பதாவதுக்கு இந்த வருடக் கட்டணம் 56,000, பத்து சதவீதம் சேர்ந்தால் 61,600. ஒன்று முதல் ஐந்து வரை ஒரே கட்டணம் என்பதால் சின்னவனுக்கு 36,000 என்பது 39,600 ஆகிறது. இரண்டும் சேர்ந்து 84,000 இருந்தது 1,01,200 ஆகிவிட்டது. கூடுதல் 17,200, அதாவது இருபது சதவீதத்துக்கு மேல். இதில் உண்மையான ‘உயர்வு’ 9,200தான், மீதி 8,000 வகுப்பு மாறியதால் வந்தது.

எனவே அலுவலகத்தில் கேட்க வேண்டியது ‘எத்தனை சதவீதம் ஏறுகிறது’ என்பதல்ல. ‘ஒன்பதாவதுக்கும் மூன்றாவதுக்கும் வருடம் முழுக்க மொத்தம் எவ்வளவு, எந்தெந்தத் தேதியில் எவ்வளவு’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். டியூஷன் ஃபீஸை மட்டும் பத்து சதவீதம் ஏற்றிவிட்டு, ஸ்மார்ட் கிளாஸ், லேப், ஆண்டுக் கட்டணம் என்று தனித்தனியாகச் சேர்க்கும் பள்ளிகளும் உண்டு. மொத்தம் என்று கேட்டால்தான் அவையும் வெளியே வரும்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கிறது. அந்த நிர்ணயம் மூன்று கல்வியாண்டுகளுக்குச் செல்லும். உங்கள் பள்ளிக்கான ஆணையில் வகுப்புக்கு எவ்வளவு என்று பார்த்து, கேட்கும் தொகை அதற்குள் அடங்குகிறதா என்று சரிபாருங்கள். அடங்கவில்லை என்றால் இந்த பட்ஜெட்டுக்கு முன்னால் பேச வேண்டிய பேச்சு வேறு.

2. ஃபீஸுக்கு வெளியே இருப்பதை எழுதுங்கள்

ஷீட்டில் A-யில் இனம், B-யில் பிள்ளை, C-யில் இந்த வருடத் தொகை, D-யில் அடுத்த வருடத் தொகை, E-யில் கட்டும் மாதம். ஒரு தடவை கட்டுவதற்கு ஒரு வரிசை. மூன்று டேர்ம் என்றால் மூன்று வரிசை.

நம் குடும்பத்துக்கு மற்றவை இப்படி வருகின்றன. புத்தகம், நோட்டு 10,700-லிருந்து 12,300. யூனிஃபார்ம், ஷூ, பை 5,000-லிருந்து 9,500. இந்த வருடம் சின்னவனுக்கு மட்டும் எடுத்தார்கள், அடுத்த வருடம் ஒன்பதாவதுக்கு யூனிஃபார்மே மாறுகிறது. வேன் தலைக்கு 1,400-லிருந்து 1,500, பதினொரு மாதத்துக்கு இருவருக்கும் சேர்த்து 30,800 என்பது 33,000. பெரியவள் பள்ளிக்கு வெளியே போகும் டியூஷன் பத்து மாதத்துக்கு 10,000-லிருந்து 15,000. ஆண்டு விழா, சுற்றுலா 6,000-லிருந்து 6,500.

கூட்டினால் இந்த வருடம் 1,46,500, அடுத்த வருடம் 1,77,500. வித்தியாசம் 31,000. சர்க்குலரால் நேரடியாக ஏறியது 9,200தான், ஆனால் குடும்பம் புரட்ட வேண்டியது 31,000.

வேன்காரரிடம் மே மாதத்துக்கும் பணம் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று ஆளுக்கு ஒரு வழக்கம்.

3. வருட மொத்தம் தாங்குமா?

மாதம் 55,000 வீதம் வருடத்துக்கு 6,60,000. உறுதியாக வரும் தீபாவளி போனஸ் 20,000. இன்னும் கையில் வராத இன்கிரிமென்ட்டைச் சேர்க்கவே வேண்டாம். வாடகை, மளிகை, பெட்ரோல், கரண்ட், கடன் தவணை எல்லாம் மாதம் 37,000, வருடத்துக்கு 4,44,000. வருடத்துக்கு ஒருமுறை வருபவை 42,000: இன்ஷூரன்ஸ் 14,000, தீபாவளி 16,000, பொங்கல் 6,000, எல்ஐசி 6,000. மொய், காதுகுத்து என்று உங்கள் வீட்டில் தனியாகப் போனால் அதையும் இங்கேயே எழுதுங்கள், விடுபடுவது எப்போதும் அதுதான்.

கல்விக்கு மிஞ்சுவது 1,94,000. செலவு 1,77,500. மீதி 16,500. இந்த வருடம் அந்த மீதி 47,500 இருந்தது. தாங்குகிறது, ஆனால் இழுத்துப் பிடித்துத்தான்.

80சி வரிச் சலுகையை நம்பி இதில் ஒரு தொகையைக் கூட்ட நினைத்தால், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது. அதிலும் பள்ளி ரசீதில் டியூஷன் ஃபீஸ் என்று இருப்பதற்கு மட்டுமே. வேனுக்கும் நன்கொடைக்கும் கிடையாது. புதிய முறையில் இருந்தால் பூஜ்யம் என்றே வையுங்கள்.

4. மாதவாரியாகத் தாங்குமா?

வருட மொத்தம் தேறினாலும் மாதத்தில் தோற்கலாம். போனஸ் வருவது அக்டோபரில், ஃபீஸ் கட்டுவது ஜூனில். அதனால் மே முதல் ஏப்ரல் வரை H2 முதல் H13 வரை பன்னிரண்டு வரிசை போடுங்கள். I-யில் அந்த மாதம் பள்ளிக்குக் கட்ட வேண்டியது:

```
=SUMIF(E$2:E$40, H2, D$2:D$40)
```

J-யில் அந்த மாதச் சம்பளத்தில் வீட்டுச் செலவு, வேன், டியூஷன், அந்த மாதத்துப் பண்டிகை அல்லது பிரீமியம் போக மிஞ்சுவது. போனஸ் வரும் மாதத்தில் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். வேனும் டியூஷனும் J-யிலேயே கழிந்துவிடுவதால் அவற்றுக்கு E-யில் 0 என்று போடுங்கள். K-யில் கையிருப்பு. K2-இல் ஏப்ரல் கடைசியில் கையில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள், K3-ஐக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
K2: =25000+J2-I2
K3: =K2+J3-I3
```

இங்கே இரண்டு இடத்தில் ஷீட் சத்தமில்லாமல் தப்பாகக் கூட்டும். மாதத்தை எழுத்தில் போட்டால் ஒரு வரிசையில் ‘ஜூன்’, இன்னொன்றில் ‘ஜுன்’ என்று விழும். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், SUMIF-க்கு அவை வேறு வேறு. மாதத்தை 5, 6, 7 என்று எண்ணாகவே போடுங்கள். இரண்டாவது, ரசீதில் இருப்பதுபோல் 40480/- என்று அடித்தால் அது எண்ணே இல்லை, கூட்டலில் சேராது. அப்படிப்பட்ட தொகை கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், சரியான எண் வலப்பக்கம் நிற்கும். எல்லாம் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு காலிக் கட்டத்தில் இதைப் போடுங்கள், பூஜ்யம் வர வேண்டும்:

```
=SUM(D2:D40)-SUM(I2:I13)-SUMIF(E2:E40,0,D2:D40)
```

மாதம் தப்பினால் இதில் தெரிந்துவிடும். /- போட்ட தொகை மட்டும் இதிலும் சிக்காது, அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

நம் குடும்பத்துக்கு முதல் டேர்ம் 40,480 ஜூனில், மற்ற இரண்டும் 30,360 வீதம் அக்டோபரிலும் ஜனவரியிலும். ஏப்ரல் கடைசியில் கையில் 25,000. மே மாதம் புத்தகமும் யூனிஃபார்மும் போய் 21,200. ஜூனில் டேர்ம் ஃபீஸ் கட்டியதும் கையிருப்பு மைனஸ் 5,780. ஜூலையில் இன்ஷூரன்ஸ் வந்து மைனஸ் 6,280. ஆகஸ்டில்தான் 7,220 என்று மேலே வருகிறது. வருட மொத்தத்தில் 16,500 மீதி காட்டிய அதே கணக்கு இது.

5. அடிமட்டத்தை உயர்த்துங்கள்

K-யில் மிகக் குறைந்த எண்ணைப் பாருங்கள். மைனஸ் என்றால் கடன் வாங்க வேண்டிவரும். மைனஸ் இல்லாவிட்டாலும், ஒரு மாத வீட்டுச் செலவில் பாதியாவது மிஞ்சாமல் ‘தாங்கும்’ என்று நான் சொல்லமாட்டேன். இங்கே அது 18,500.

முதலில் தேதியை மாற்றிப் பாருங்கள், அதற்குச் செலவே இல்லை. முதல் டேர்மை ஜூனில் பாதி, ஆகஸ்டில் பாதி என்று கட்ட அனுமதி கிடைத்தால் மைனஸ் போய்விடுகிறது. அப்போது மிகக் குறைந்தது ஜனவரியின் 5,500. அனுமதியைச் சர்க்குலர் வந்த வாரத்திலேயே எழுத்தில் கேளுங்கள். ஜூன் இரண்டாம் வாரம் கேட்டால் கௌண்டரில் இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து தொகை. பெரியவள் வேனை விட்டு சைக்கிளில் போனால் ஜூன் முதல் ஜனவரிக்குள் 12,000 மிஞ்சும், ஜனவரிக் கையிருப்பு 17,500 ஆகிவிடும், மிகக் குறைந்தது ஆகஸ்டின் 11,720 ஆக இருக்கும். பள்ளி தூரமாக இருந்தால், சாலை ஆபத்தானால், இதை விட்டுவிட்டு டியூஷனைப் பாருங்கள். புத்தகத்தில் பழையது வாங்குவது நல்லதுதான், ஆனால் பாடப் பதிப்பு மாறவில்லையே என்று பார்த்து வாங்க வேண்டும். ஆண்டு விழா, சுற்றுலாவை வெட்டிப் பிள்ளையின் முகத்தைச் சுருங்க வைப்பதால் கிடைப்பது கொஞ்சம்தான்.

இவ்வளவும் செய்து அடிமட்டம் பூஜ்யத்துக்குக் கீழேயே நின்றால், இந்த உயர்வு உங்களுக்குத் தாங்காது. அந்த முடிவு ஏப்ரலில் தெரிந்தால் வேறு பள்ளியில் இடம் பார்க்க நேரம் இருக்கும்.

பின்சேர்க்கை: கேட்ட சந்தேகங்கள்

நிலையான சம்பளம் இல்லாதவர்கள், வியாபாரம் செய்கிறவர்கள், J-யில் சராசரி வருமானத்தைப் போடாதீர்கள். கடந்த பன்னிரண்டு மாதங்களில் அந்தந்த மாதத்தில் உண்மையில் வந்ததைப் போடுங்கள். ஆடி மாதம் கடை மந்தமாக இருந்தால் ஜூலை வரிசையில் அது தெரிய வேண்டும்.

சீட்டு எடுத்து ஃபீஸ் கட்டலாம் என்று நினைப்பவர்கள் எடுக்கும் மாதத்தில் தொகையைக் கூட்டினால் மட்டும் போதாது, மீதித் தவணைகளை ஒவ்வொரு மாதமும் கழிக்க வேண்டும். பலர் முதலாவதை மட்டும் போட்டுவிட்டு ஷீட் பச்சையாக இருக்கிறது என்கிறார்கள்.

அடுத்த இரண்டு வருடத்துக்கும் இதே ஷீட்டை நகல் எடுத்து வகுப்பை மட்டும் ஒன்று கூட்டிப் பாருங்கள். இந்தக் குடும்பத்தில் பெரியவள் பிளஸ் ஒன் சேரும் வருடம் குரூப் கட்டணம், புதுப் புத்தகம் எல்லாம் ஒன்றாக வரும். அதற்கான தொகையை இந்த வருடத்து மே வரிசையிலிருந்தே மாதம் ஆயிரம் என்று ஒதுக்கினால் K-யில் எந்த மாதம் உதைக்கிறது என்று இப்போதே தெரிந்துவிடும்.