லூனார் ரிட்டர்ன் சார்ட்டில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

நாம் பிறந்தபோது சந்திரன் எந்தப் பாகை, எந்தக் கலையில் நின்றதோ, அதே புள்ளிக்கு மறுபடி வந்து சேரும் நேரத்துக்குப் போடுவதுதான் லூனார் ரிட்டர்ன் சார்ட். சந்திரன் ஒரு சுற்று முடிக்க சராசரியாக 27 நாள் 7 மணி 43 நிமிடம் ஆகிறது. அடுத்த ரிட்டர்ன் வரும்வரை மனம் எந்தப் பக்கம் சாயும், வாழ்க்கையின் எந்தப் பகுதி முன்னால் வந்து நிற்கும் என்று இதை வைத்துச் சொல்வார்கள். ஜோதிடத்தின் மற்றப் பலன்களைப் போல இதுவும் மரபு சார்ந்தது. அறிவியல் சோதனையில் நிறுவப்பட்டதல்ல. ஆனால் இதில் வரும் கணக்கு முழுக்க வானியல் கணக்கு. பெரும்பாலான தவறுகள் பலன் சொல்வதற்கு முன்பே, அந்தக் கணக்கிலேயே நடந்துவிடுகின்றன.

முதலில், ஜென்ம நட்சத்திரம் வரும் நாளை ரிட்டர்ன் நாளாக எடுத்துக்கொள்வது. ஒரு நட்சத்திரத்தின் அகலம் 13 பாகை 20 கலை. சந்திரன் அதைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ரிட்டர்னோ அந்த நாளுக்குள் வரும் ஒரே ஒரு கணம். அந்த நாளில் காலை ஆறு மணிக்கு ஒரு கட்டம் போட்டுப் பார்த்தால், அந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசிப் புள்ளியான லக்னத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இருக்காது.

இந்த முறையில் லக்னம்தான் எல்லாம். ஏன் என்று சொல்கிறேன். எல்லா மாதமும் சந்திரன் அதே ராசியில், அதே பாகையில்தான் இருக்கப்போகிறது. மாதத்துக்கு மாதம் முக்கியமாக மாறுவது லக்னமும், அதனால் சந்திரன் போய் உட்காரும் பாவமும், அதாவது லக்னத்திலிருந்து எண்ணினால் வரும் இடமும்தான். லக்னம் சராசரியாக நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். சந்திரன் ஒரு கலை நகர ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். ஆக, சந்திரன் ஒரு கலை பிசகினால் லக்னம் அரை பாகை பிசகும். இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றத் தவறுகள் தானாகப் பிடிபடும்.

பிறந்த நேரத்தில் வரும் பிசகை எடுத்துக்கொள்வோம். ஒருவர் "ஆறரை மணி வாக்கில் பிறந்தேன்" என்கிறார். ஜாதகத்தில் சந்திரன் ரிஷபம் 14 பாகை 20 கலை. அதை வைத்து ரிட்டர்ன் போட்டால் லக்னம் சிம்மம் 27 பாகை. சிம்மத்திலிருந்து எண்ணினால் ரிஷபம் பத்தாம் இடம். வேலை, பொறுப்பு, நாலு பேர் முன்னால் நிற்பது, இவற்றில்தான் இந்த மாதம் மனம் ஓடும் என்று படிப்போம். உண்மையில் அவர் பிறந்தது 6.50 மணிக்கு என்று வையுங்கள். இருபது நிமிடத்தில் சந்திரன் 11 கலை முன்னேறியிருக்கும். அதனால் ரிட்டர்னும் ஏறக்குறைய இருபது நிமிடம் தள்ளிப்போகும். லக்னம் ஐந்து பாகை நகர்ந்து கன்னி 2 பாகைக்கு வந்துவிடும். இப்போது ரிஷபம் ஒன்பதாம் இடம். படிப்பு, பயணம், வழிகாட்டி என்று பேச்சே மாறிவிடுகிறது. "வாக்கில்" என்ற ஒரு சொல் செய்த வேலை இது.

அதனால் பிறந்த நேரம் உறுதியில்லாதவர்களுக்கு நான் ஒரு மாதத்துக்கு மூன்று சார்ட் போடுவேன்: சொன்ன நேரத்துக்கு ஒன்று, இருபது நிமிடம் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மூன்றிலும் சந்திரன் ஒரே பாவத்தில் இருந்தால் அதைப் பற்றிப் பேசலாம். மாறினால் அந்த மாதம் பாவத்தைத் தொடுவதில்லை. லக்னம் ராசியின் நடுவில் விழுந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஓரத்தில் விழுந்தால்தான் வினை.

அடுத்தது சாயனம், நிராயணம் இரண்டையும் கலப்பது. ராசிச் சக்கரத்தை வசந்த சம இரவுப் புள்ளியிலிருந்து எண்ணுவது சாயனம், நட்சத்திரப் பின்னணியை வைத்து எண்ணுவது நிராயணம். நம்மில் பலரிடம் இருப்பது நிராயண ஜாதகம். லூனார் ரிட்டர்ன் போடும் மென்பொருள்களில் பல சாயனத்தில் ஓடுபவை. இந்த ஜாதகத்தில் உள்ள பாகையை அதில் தேடினால் ஏறக்குறைய 24 பாகை வித்தியாசம் வரும். ரிட்டர்ன் கிட்டத்தட்ட இரண்டு நாள் முன்னதாகக் காட்டும். இது பெரிய பிழை என்பதால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

கண்ணில் படாத வித்தியாசம் ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் சாயனத்திலேயே செய்தாலும், நிராயணத்திலேயே செய்தாலும் ரிட்டர்ன் நேரம் ஒன்றாக வராது. சாயன ராசிச் சக்கரம் நட்சத்திரப் பின்னணியைவிட்டு ஆண்டுக்கு சுமார் 50 விகலை விலகுகிறது. 36 வயதாகும்போது அது அரை பாகை. சந்திரன் அரை பாகை கடக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதற்குள் லக்னம் அரை ராசி நகர்ந்திருக்கும். குழந்தைக்குப் போட்டால் இரண்டு முறைகளும் ஒத்துப்போகும், வயதானவருக்கு ஒத்துப்போகாது என்பதற்குக் காரணம் இதுதான். எது சரி என்பதில் ஜோதிடர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்பதுதான் நாம் செய்யக்கூடியது. ஒவ்வொரு மாதமும் வேறு வேறு முறைக்கு மாற்றினால் எதையும் ஒப்பிட முடியாது. இடமும் அப்படித்தான். இப்போது இருக்கும் ஊருக்குப் போடுவதா, பிறந்த ஊருக்குப் போடுவதா என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். ரிட்டர்ன் நேரம் மாறாது, லக்னம் மாறும்.

சார்ட் வந்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே ஒன்றுதான். ஜனன சந்திரனையும் ரிட்டர்ன் சந்திரனையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கலை வரைக்கும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். 14.20க்கு 14.26 என்று வந்திருந்தால் எங்கோ பன்னிரண்டு நிமிடம் தவறியிருக்கிறது. கைக்கணக்கில் இப்படி வருவது சகஜம்.

சரி, கணக்கு சரியாக வந்துவிட்டது. படிக்கும்போது நடக்கும் பெரிய தவறு, ரிட்டர்ன் சந்திரனை ஒரு மெதுவான கிரகம் பார்ப்பதை அந்த மாதத்துப் புதுச் செய்தியாக எடுத்துக்கொள்வது. ரிட்டர்ன் சந்திரன் இருப்பது ஜனன சந்திரன் இருந்த அதே இடத்தில். அப்படியானால் அதைப் பார்க்கும் எந்தக் கிரகமும் கோசாரத்தில், அதாவது இப்போதைய கிரக ஓட்டத்தில், உங்கள் ஜனன சந்திரனைத்தான் பார்க்கிறது. சனி 27 நாளில் சராசரியாக ஒரு பாகைதான் நகரும். எதிரே மூன்று பாகைக்குள் சனி வந்துவிட்டால், சராசரியாக ஆறு ஏழு சார்ட்டில் அந்தப் பார்வை இருக்கும். "இந்த மாதம் மனம் கனக்கும்" என்று ஆறு மாதமும் சொன்னால் அது மாதப் பலனா? மூன்று மாதச் சார்ட்டுகளை வரிசையாக வைத்து, மூன்றிலும் இருப்பதைப் பென்சிலால் அடித்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் இந்த மாதத்துக்கு உரியது: லக்னம், சந்திரன் இருக்கும் பாவம், சூரியன், புதன், சுக்கிரன், செவ்வாய். சில மாதம் இரண்டு வரிதான் தேறும். அது போதும்.

காலண்டர் மாதத்தோடு இதைப் பொருத்த வேண்டாம். ஆண்டுக்கு 13 ரிட்டர்ன், சில ஆண்டுகளில் 14 வரும். ஒரு சார்ட் பேசுவது அதன் நேரத்திலிருந்து அடுத்த ரிட்டர்ன் வரைக்கும்தான்.

அப்புறம், நடந்து முடிந்த பிறகு சார்ட்டைத் திறப்பது. நான்காம் இடத்தில் சந்திரன் என்றால் வீடு, அம்மா, தூக்கம், பழைய நினைவு எல்லாமே அதற்குள் அடங்கும். முடிந்த மாதத்தில் இவற்றில் ஏதாவது ஒன்று கட்டாயம் கிடைக்கும். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் பார்த்து, எல்லாம் பலித்ததாக நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ரிட்டர்னுக்கு முந்தின இரவே மூன்று வரி எழுதி, தேதி போட்டு, நோட்டை மூடி வைக்க ஆரம்பித்தேன். "மனம் எப்படி இருக்கும், எதைப் பற்றி அதிகம் யோசிப்பேன், எது இல்லை" என்று மூன்று வரி. அந்த மூன்றாவது வரிதான் எழுதக் கஷ்டமானது. அதை எழுதாமல் விட்ட மாதங்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.