பழைய ஆங்கில நூலுக்குப் பழைய அகராதி

18, 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் தெரிந்த சொல் ஒன்று இடத்துக்குப் பொருந்தாமல் இடித்தால், இன்றைய அகராதியை மூடிவிட்டு 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில் தேடுங்கள். johnsonsdictionaryonline.com தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அந்த நூல்களை எழுதியவர்கள் சொல்லை எந்தப் பொருளில் அறிந்திருந்தார்களோ, அதைத்தான் ஜான்சன் தருகிறார். ‘ஆஃபுல்’ என்றால் பயபக்தியை உண்டாக்குவது; தேவாலயத்தை அப்படிச் சொன்னால் அது பாராட்டு. ‘நைஸ்’ என்றால் நுணுக்கம் பார்ப்பவர், ‘சில்லி’ என்றால் முதலில் கள்ளங்கபடமற்றவர், அப்புறம்தான் முட்டாள்.

ஜேன் ஆஸ்டனின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் (1813) காலின்ஸ், சீமாட்டி கேத்தரினின் ‘கன்டிசென்ஷனை’ வாய் ஓயாமல் புகழ்கிறார். இன்று அது இளக்காரமாக நடத்துவது. ஜான்சனிடமோ உயர்ந்தவர் தானாக இறங்கிவந்து சமமாகப் பழகுவது. காலின்ஸ் உருகி உருகித்தான் பேசுகிறார் என்பது அப்போதுதான் பிடிபடும். இந்தச் சொல்லைத் தவறவிட்டால் அந்தக் காட்சிகளின் சுவையே போய்விடும்.

பக்கத்தின் அச்சுப் படத்தைப் பார்த்தால் ஒரு கவனம்: அக்கால ‘எஸ்’ எழுத்து பல இடங்களில் ‘எஃப்’ போலவே இருக்கும்.

14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் போன்ற மிகப் பழைய எழுத்தாளர்களுக்கு இந்த வழி போதாது. சொல்வரலாற்று அகராதிதான் வேண்டும். 1850க்குப் பிந்தைய கதைகளின் உரையாடல்களிலும் ஜான்சனை நம்ப வேண்டாம். ‘ஆஃபுல்’ அதற்குள் ‘படுமோசம்’ ஆகிவிட்டது.